தாங்குசுவருக்குப் பின்னால் நிரப்பும் மணலின் சார்பு அடர்த்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் சாலையோரத் தாங்குசுவர்களுக்குப் பின்னால் வடிமணலாக நிரப்புவதற்கு இரண்டு வகை மணல் மலையேறி வருகிறது. ஒன்று சமவெளியிலிருந்து வரும் ஆற்று மணல்; மற்றொன்று கல் உடைத்துக் கழுவிய எம்-சாண்ட். குன்னூர், கோத்தகிரி பக்கத்துச் சுவர் வேலைகளில் இருக்கும் தள மேற்பார்வையாளர்களும் பரிசோதனைக்கூட உதவியாளர்களும் மணலின் இறுக்கத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான விடைகள் இவை. பக்கம் முழுவதும் 3 மீட்டர் உயரமுள்ள ஒரே சுவரையும் அந்த இரண்டு மணல்களையும் வைத்தே கணக்குகள் போடப்பட்டுள்ளன. எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

“ஆற்று மணல், எம்-சாண்ட் இரண்டுக்கும் வெற்றிட விகிதம் 0.62 என்று ஒரே மாதிரிதான் வந்திருக்கிறது. பிறகு ஏன் சார் ஆற்று மணலை மட்டும் மறுபடியும் இறுக்கச் சொல்கிறீர்கள்?”

ஆற்று மணல் இன்னும் தளர்வாக இருக்கிறது, எம்-சாண்ட் தன்னால் முடிந்த அளவுக்கு ஏறத்தாழ இறுகிவிட்டது என்பதுதான் காரணம். வெற்றிட விகிதம் என்பது துகள்களுக்கிடையே உள்ள காலியிடத்தின் கன அளவைத் துகள்களின் கன அளவால் வகுத்தால் வருவது. நம்முடைய ஆற்று மணலை எவ்வளவு தளர்வாகக் கொட்டினாலும் அதன் வெற்றிட விகிதம் 0.72-ஐத் தாண்டுவதில்லை; எவ்வளவு அதிரவைத்தாலும் 0.48-க்குக் கீழே இறங்குவதில்லை. எம்-சாண்டுக்கோ இந்த இரு எல்லைகளும் 0.92, 0.54. ஆகவே 0.62 என்பது ஆற்று மணலுக்குத் தன் பாதையின் பாதிக்கும் குறைவான தூரம். எம்-சாண்டுக்கு ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. அந்தத் தூரத்தைச் சதவீதமாகச் சொல்வதே சார்பு அடர்த்தி:

```
Dr = (emax − e) / (emax − emin) × 100
```

இதில் `e` களத்தில் உள்ள வெற்றிட விகிதம். `emax` மிகத் தளர்வான நிலையில் கிடைப்பது. `emin` மிக இறுக்கமான நிலையில் கிடைப்பது. ஆற்று மணலுக்கு 0.10-ஐ 0.24-ஆல் வகுத்தால் 42 சதவீதம், எம்-சாண்டுக்கு 0.30-ஐ 0.38-ஆல் வகுத்தால் 79 சதவீதம். வழக்கமான வகைப்பாட்டில் 35 முதல் 65 வரை நடுத்தரம், 65 முதல் 85 வரை இறுக்கம். நம் சுவருக்கு 70 கேட்கப்பட்டிருக்கிறது. எனவே ஒன்று தேறியது, ஒன்று தேறவில்லை.

“காலியிடம் எவ்வளவு என்று வெற்றிட விகிதமே சொல்லிவிடுகிறதே? ஒரே அளவு காலியிடம் இருந்தால் ஒரே அளவு தளர்வு என்றுதானே ஆகும்?”

காலியிடத்தின் அளவு ஒன்றாக இருக்கலாம். ஆனால் அந்தக் காலியிடத்தில் எவ்வளவு இனிமேல் மூடக்கூடியது, எவ்வளவு எப்போதுமே மூட முடியாதது என்பது துகளின் வடிவத்தையும், பெரிய துகளும் சிறிய துகளும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதையும் பொறுத்தது. ஒரே அளவுள்ள கோளங்களை ஒன்றன் தலைமேல் ஒன்றாக நேராக அடுக்கினால் வெற்றிட விகிதம் 0.91, கீழடுக்கின் குழிகளில் மேலடுக்கு உட்காரும்படி மிக நெருக்கமாக அடுக்கினால் 0.35. கோளம் கடுகளவு இருந்தாலும் பந்தளவு இருந்தாலும் இந்த இரு எண்களும் மாறா. இது வடிவியல் தரும் முடிவு.

மணல் கோளம் அல்ல. நீரில் உருண்டு வந்த துகள் மழுங்கியிருப்பதால் பக்கத்துத் துகளின்மேல் வழுக்கிக்கொண்டு இடுக்கில் போய் அமர்கிறது. தளர்வாகக் கொட்டும்போதே ஓரளவு நெருங்கிவிடுகிறது. உடைத்த கல்லின் துகளுக்குக் கூர்முனைகள் உண்டு. அந்த முனைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இடையில் பெரிய இடுக்குகளைத் தாங்கி நிற்கின்றன. அதனால் எம்-சாண்டின் தளர்வு எல்லை மிக உயரத்தில் இருக்கிறது. இறுக்க எல்லையும் சற்று மேலேதான் இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஆற்று மணலைவிட அதிகம். வெவ்வேறு அளவுத் துகள்கள் நன்றாகக் கலந்த மணலில் சிறியவை பெரியவற்றின் இடுக்கை நிரப்புவதால் இரு எல்லைகளும் சேர்ந்தே கீழே இறங்கும்.

ஆய்வுகளில் அடிக்கடி பயன்படும் இரண்டு மணல்களை எடுத்துக்கொண்டாலும் இது தெரியும். அமெரிக்காவின் ஒட்டாவா மணலுக்குப் பாடநூல்கள் தரும் எல்லைகள் 0.80, 0.50. ஜப்பானின் டொயோரா மணலுக்கு ஏறத்தாழ 0.98, 0.60. நம்முடைய 0.62-ஐ இவற்றில் வைத்துப் பார்த்தால் ஒட்டாவா மணல் 60 சதவீதத்திலும் டொயோரா மணல் 95 சதவீதத்திலும் நிற்கும். மைக்கா தகடுகள் கலந்த மணலில் தளர்வு எல்லை 1.20 வரைகூடப் போகிறது, ஏனென்றால் தகடுகள் துகள்களுக்கிடையே பாலம் போலப் படுத்துக்கொள்கின்றன. எந்த மணல் என்று சொல்லாமல் 0.62 என்று மட்டும் எழுதி அனுப்பும் அறிக்கையால் சுவரை வடிவமைத்தவருக்குப் பயன் ஒன்றும் இல்லை.

“மிகத் தளர்வான நிலையைச் சோதனைக்கூடத்தில் எப்படிக் கொண்டுவருவது? சும்மா அள்ளிக் கொட்டினால் போதாதா?”

போதாது. கொட்டும் உயரம் கூடினால் விழும் துகள் வேகம் பெற்றுக் கீழே இருப்பதை இறுக்கிவிடும். இந்திய தரநிலை ஐ.எஸ். 2720, பகுதி 14 இதற்காகவே ஒரு புனலைக் குறிப்பிடுகிறது. 4.75 மி.மீ. சல்லடையில் முழுவதும் சலியும் மணலுக்கு 12 மி.மீ. வாயுள்ள புனல். அச்சு 3000 கன செ.மீ. கொள்ளளவு, உள்விட்டம் 15 செ.மீ., உயரம் ஏறத்தாழ 17 செ.மீ. அடுப்பில் உலர்த்தி ஆறவைத்த மணலைப் புனலில் எடுத்து, புனலின் வாய்க்கும் அப்போதைய மணல் மட்டத்துக்கும் இடையே 25 மி.மீ. மட்டுமே இருக்கும்படி பிடித்து, வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருளாக நகர்த்திக்கொண்டே ஊற்ற வேண்டும். மணல் ஏற ஏறப் புனலும் ஏற வேண்டும். அச்சின் விளிம்புக்கு மேல் 25 மி.மீ. அளவுக்குக் குவிந்ததும் நிறுத்தி, எஃகு வரைகோலால் ஒரே இழுப்பில் சமன் செய்து எடை பார்க்க வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். வரைகோலை அச்சின் விளிம்பில் தட்டினாலோ, சமன் செய்யும் முன் அச்சை நகர்த்தினாலோ மணல் விளிம்புக்குக் கீழே ஒரு மி.மீ. இறங்கிவிடும், உடனே கை தானாகவே இன்னும் கொஞ்சம் மணலை எடுத்துப் போடும். அப்படிப் போட்டால் அந்த முறை வீண். மணலை வெளியே கொட்டி, மீண்டும் முதலிலிருந்து ஊற்ற வேண்டும். மேசைமேல் அதிரும் சல்லடைக் கருவியோ, அறைக்கு வெளியே லாரி உறுமிக்கொண்டோ இருந்தாலும் இதே விளைவுதான். அடுத்தடுத்து ஊற்றிப் பார்க்கும்போது எடைகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வர வேண்டும். ஒன்று மட்டும் கனமாக வந்தால் அதுதான் தட்டுப்பட்டது. சராசரி எடுப்பதற்கு முன் அதை நீக்குவது நல்லது.

“இங்கே ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்கப் பனிமூட்டம். தட்டில் பரப்பி வைத்த மணல் கைக்குக் காய்ந்ததாகத்தான் தெரிகிறது. அதை வைத்தே ஊற்றலாமா?”

கூடாது. மணலில் மிகச் சிறிதளவு ஈரம் இருந்தாலும் துகள்களுக்கிடையே நீர்ப்படலம் இழுவிசையாக நின்று அவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. அப்படிப்பட்ட மணல் புனலிலிருந்து கட்டிகட்டியாக விழும். ஊற்றிய மேற்பரப்பில் சிறு குகைகள் தெரியும். கிடைக்கும் எடை குறைவாக, அதாவது தளர்வு எல்லை பொய்யாக உயர்ந்து வரும். நம் ஆற்று மணலில் அந்த எல்லை 0.72-க்குப் பதில் 0.75 என்று வந்தால், களத்தில் எதுவுமே மாறாமல் சார்பு அடர்த்தி 42-லிருந்து 48-க்கு ஏறிவிடும். ஒப்பந்ததாரருக்கு இலவசமாக ஆறு புள்ளிகள்.

105 முதல் 110 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்தி, மூடிய பாத்திரத்தில் ஆறவிட வேண்டும். சூடான மணலை அப்படியே ஊற்றுவதும் தவறு. திறந்து வைத்து ஆறவிடுவதும் இந்தப் பருவத்தில் தவறு. உலர்ந்துவிட்டதா என்பதற்குக் கைப்பிடிச் சோதனையைவிடப் புனலே நல்ல சாட்சி: மணல் விட்டுவிட்டு விழாமல் ஒரே நூலாக விழ வேண்டும், குவியலின் சரிவு மழமழப்பாக இருக்க வேண்டும்.

“இறுக்க எல்லைக்கு ப்ராக்டர் சுத்தியலாலேயே அடித்துப் பார்த்துவிடலாமா? அதிர்வு மேசை எங்களிடம் இல்லை.”

ஒட்டும் தன்மை இல்லாத மணலில் சுத்தியல் விழுந்த இடம் இறங்கும், பக்கத்து இடம் மேலெழும். அடி அடியாக அடித்தாலும் மணல் இடம் மாறிக்கொண்டிருக்குமே தவிர, தன்னுடைய இறுக்க எல்லையை எட்டாது. அதோடு எம்-சாண்டின் கூர்முனைகள் சுத்தியலுக்கு உடைந்து தூளாகும். அந்தத் தூள் இடுக்குகளை நிரப்பி, வந்த மணலுக்குச் சொந்தமில்லாத ஓர் இறுக்கத்தைக் காட்டும். சோதனைக்கு முன்னும் பின்னும் ஒரு பிடி மணலைச் சலித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்: 150 மைக்ரான் சல்லடையில் சலிவது கூடியிருந்தால் துகள் உடைந்திருக்கிறது. அதனால்தான் ஒருமுறை அதிர்த்த மணலையே அடுத்த முறைக்கும் எடுக்காமல் புதிய மாதிரியை எடுப்பது நல்லது.

தரநிலை சொல்லும் வழி இது: அச்சில் உலர்ந்த மணலை நிரப்பி, மேலே அடித்தட்டை வைத்து, அதன்மேல் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 140 கிராம் அழுத்தம் தரும் பளுவை ஏற்ற வேண்டும். 15 செ.மீ. விட்ட அச்சுக்கு இது கிட்டத்தட்ட 25 கிலோ. மேசையை நிமிடத்துக்கு 3600 அதிர்வில் 8 நிமிடம் ஓடவிட்டு, பிறகு டயல் கேஜால் எதிரெதிர்ப் பக்கங்களில் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று படிக்க வேண்டும். இரு பக்க அளவுகளும் பெரிதாக மாறுபட்டால் தட்டு சாய்ந்து சிக்கியிருக்கிறது என்று பொருள். அந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். மேசையின் வீச்சு குறைந்துபோயிருந்தால் மணலும் குறைவாகவே இறங்கும். பழைய மேசைகளில் இது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. எல்லைகள் தெரிந்த ஒரு மணலைத் தனியே எடுத்து வைத்து அவ்வப்போது சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. உங்களிடம் மேசை இல்லையென்றால், மணலை மேசை உள்ள பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

“எண்களை வைத்து ஒருமுறை முழுவதும் போட்டுக் காட்டுங்கள்.”

ஆற்று மணலின் துகளுக்கு ஸ்பெசிபிக் கிராவிட்டி 2.65. புனலால் ஊற்றி நிரப்பிய அச்சில் மணலின் எடை 4620 கிராம். 3000-ஆல் வகுத்தால் உலர் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.54 கிராம். 2.65-ஐ 1.54-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் 0.72. இது தளர்வு எல்லை.

அதே அச்சை அப்படியே பளுவேற்றி அதிர்த்தபோது மட்டம் 2.4 செ.மீ. இறங்கியது. அச்சின் குறுக்குப் பரப்பு 176.7 சதுர செ.மீ. என்பதால் குறைந்த கன அளவு 424 கன செ.மீ.; மிச்சம் 2576. எடை மாறவில்லை, ஆகவே அடர்த்தி 1.79, வெற்றிட விகிதம் 0.48. இது இறுக்க எல்லை.

களத்தில் மணல் மாற்று முறையில் எடுத்த குழியின் கன அளவு 1120 கன செ.மீ. அதிலிருந்து வந்த ஈர மணல் 1961 கிராம், ஈரம் 7 சதவீதம். 1961-ஐ 1.07-ஆல் வகுத்தால் உலர் எடை 1833 கிராம், அடர்த்தி 1.636; வெற்றிட விகிதம் 0.62. மேலே சொன்ன 42 சதவீதம் இப்படித்தான் வந்தது.

எம்-சாண்டுக்கு ஸ்பெசிபிக் கிராவிட்டி 2.72, தளர்வாக நிரப்பிய எடை 4250 கிராம், அதிர்த்தபோது இறங்கியது 3.36 செ.மீ. கணக்கு அதே வழியில் போய் 0.92, 0.54 என்று முடியும். ஆற்று மணலின் 2.65-ஐ எம்-சாண்டுக்கும் போட்டுவிடும் பழக்கம் உண்டு; அப்படிச் செய்தால் மூன்று வெற்றிட விகிதங்களுமே தவறாகும். மூன்றும் ஒரே விகிதத்தில் தவறுவதால் சார்பு அடர்த்தியில் அது தெரியவே தெரியாது என்பது வேறு விஷயம். அடர்த்திகளை மட்டும் வைத்து எழுதும் கீழ்க்கண்ட வடிவத்தில் ஸ்பெசிபிக் கிராவிட்டியே வருவதில்லை, விடையும் அதேதான்:

```
Dr = [ρmax (ρ − ρmin)] / [ρ (ρmax − ρmin)] × 100
```

“களத்தில் மணலில் குழி தோண்டினால் ஓரம் சரிகிறது. என்ன செய்வது?”

இயற்கையாக உள்ள ஈரத்தோடு தோண்டினால் பெரும்பாலும் நிற்கும். வெயில் பட்டுக் காய்ந்த மேல் 5 செ.மீ.யை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். தோண்டும்போது குழியின் அருகே முழங்காலை ஊன்றாதீர்கள், பலகை போட்டு நில்லுங்கள். உங்கள் எடையே குழியை நெருக்கிச் சுருக்கிவிடும். சரிந்த குழியில் அளவிட்ட எண்ணைத் திருத்தப் பார்க்க வேண்டாம், வேறிடத்தில் புதிதாகத் தோண்டுங்கள்.

“அதிகபட்ச அடர்த்தியில் 91 சதவீதம் எட்டிவிட்டதாக ஒப்பந்ததாரர் காட்டுகிறார். நீங்கள் 42 என்கிறீர்கள். யார் சொல்வது சரி?”

இருவருமே சரி. 1.636-ஐ 1.79-ஆல் வகுத்தால் 91 சதவீதம் வருவது உண்மைதான். ஆனால் அதே மணலை ஒன்றுமே செய்யாமல் புனலால் ஊற்றியபோதே அடர்த்தி 1.54 இருந்தது, அதை 1.79-ஆல் வகுத்தால் 86 சதவீதம். அதாவது இந்த மணலுக்கு அந்த அளவுகோல் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை, 86-லிருந்து தொடங்குகிறது. இறுக்கும் எந்திரம் செய்த வேலை முழுவதும் 86-க்கும் 100-க்கும் இடையிலுள்ள 14 புள்ளிகளுக்குள் அடங்கிவிடுகிறது. 91 என்பது அந்தப் பதினான்கில் ஐந்து. களிமண் கலந்த மண்ணுக்குப் பழகிய கண் 91-ஐப் பார்த்தால் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று நினைக்கும். மணலில் அது நடுவழி.

70 சதவீத சார்பு அடர்த்திக்கு வெற்றிட விகிதம் 0.552-க்கு இறங்க வேண்டும். உலர் அடர்த்தி 1.71. பழைய அளவுகோலில் சொன்னால் 95 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒப்பந்தத்தில் எந்த அளவுகோல் எழுதப்பட்டிருக்கிறது என்பதை வேலை தொடங்குவதற்கு முன் படித்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

“சரி, 42 ஆனால் என்ன, 79 ஆனால் என்ன? சுவருக்கு என்ன ஆகும்?”

இறுக்கமான மணல் சரிய முயலும்போது துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடக்க வேண்டியிருப்பதால் மணலே விரிய முயல்கிறது. அந்த விரிவை எதிர்த்து வேலை செய்வதால்தான் அதன் உராய்வுக் கோணம் கூடுகிறது. தளர்ந்த மணலுக்கு ஏற வேண்டிய அவசியம் குறைவு. ஆகவே அடிப்படையான உராய்வுக் கோணத்துக்கு மேல் கிடைக்கும் கூடுதல், மணல் தன் இரு எல்லைகளுக்கிடையே எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 1986-இல் மண் இயக்கவியல் ஆய்வாளர் போல்டன் பல மணல்களின் சோதனை முடிவுகளைத் தொகுத்து இந்தக் கூடுதலைச் சார்பு அடர்த்தியோடும் அழுத்தத்தோடும் இணைத்தார். அவருடைய சமன்பாட்டில் வெற்றிட விகிதம் தனியாக வரவே இல்லை என்பதுதான் நம் கேள்விக்கு நேரான விடை. சுவர் போல நீளவாக்கில் ஒரே மாதிரி உள்ள அமைப்பில், அழுத்தம் குறைவாக உள்ளபோது, சார்பு அடர்த்தியைப் பின்னமாக எழுதி 5-ஆல் பெருக்கி ஒன்றைக் கழித்து, கிடைத்ததை மீண்டும் 5-ஆல் பெருக்கினால் கூடுதல் டிகிரி கிடைக்கும். 0.42-க்கு ஐந்தரை டிகிரி, 0.79-க்கு ஏறத்தாழ 15 டிகிரி. வெற்றிட விகிதம் இரண்டிலும் அதே 0.62.

இதை வைத்துக்கொண்டு சுவரை 15 டிகிரி கூடுதலோடு வடிவமைக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சுவர் நகர நகர அந்தக் கூடுதல் கரைந்துவிடும். எச்சரிக்கையான வடிவமைப்பாளர் அடிப்படைக் கோணத்தோடு நிறுத்திக்கொள்வார். மேலும் ஒரே சார்பு அடர்த்தியில் இருந்தாலும் எம்-சாண்டின் அடிப்படைக் கோணம் மழுங்கிய மணலைவிட அதிகம். அதைச் சார்பு அடர்த்தி சொல்வதில்லை.

சாலைக்கு நேரடியாகத் தெரிவது தாழ்வு. 42-இல் விட்ட ஆற்று மணல் பின்னாளில் லாரி அதிர்விலும் நீரோட்டத்திலும் 70-க்குப் போனால், 0.068-ஐ 1.62-ஆல் வகுத்து, மீட்டருக்கு 4.2 செ.மீ. இறங்கும். 3 மீட்டர் நிரப்பில் 12 செ.மீ.க்கு மேல். சுவருக்குப் பின்னால் தார்ச்சாலை நீளவாட்டில் கீறி உள்பக்கம் சாய்வது இதனால்தான். கீறல் வழியே மழைநீர் இறங்குவது அடுத்த தொல்லை.

“42 என்று வந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?”

பத்துப் புள்ளி அங்கே இங்கே இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் நான் படிப்பேன். கள அடர்த்தியில் ஒரே ஒரு சதவீதப் பிழை வந்து 1.636 என்பது 1.652 ஆனால், வெற்றிட விகிதம் 0.604 ஆகி, சார்பு அடர்த்தி 48-க்குப் போகிறது. இரு எல்லைகளுக்கிடையே உள்ள தூரம் 0.24 மட்டுமே என்பதால் மேலே உள்ள சிறு பிழையும் வகுபடும்போது பெரிதாகிறது. எம்-சாண்டில் அந்தத் தூரம் 0.38, பிழையும் அதற்கேற்பச் சற்றுக் குறையும். எனவே 68-ஐ வைத்துக்கொண்டு 70 வரவில்லை என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. 42-ஐ வைத்துப் போடலாம்.

100-க்கு மேலோ பூஜ்யத்துக்குக் கீழோ வந்தால் பதற வேண்டாம். சோதனை தரும் எல்லைகள் குறிப்பிட்ட முறையில் கிடைக்கும் எல்லைகளே தவிர, இயற்கை தாண்டவே முடியாத எல்லைகள் அல்ல. பல அடுக்குகளாகக் கனமான அதிர்வு உருளையால் இறுக்கிய மணல் 100-ஐச் சற்றுத் தாண்டலாம். பூஜ்யத்துக்குக் கீழே வருவது நம் மலையில் அடிக்கடி காண்பது: பனியில் நனைந்த மணலை டிப்பரிலிருந்து அப்படியே கவிழ்த்தால் உலர் அடர்த்தி 1.45 அளவில்கூட நிற்கும். வெற்றிட விகிதம் 0.83, சார்பு அடர்த்தி மைனஸ் 45 அளவில். இது கணக்குப் பிழை அல்ல. நீர்ப்படலம் தாங்கிக்கொண்டிருக்கும் போலி உயரம் அது. வடகிழக்குப் பருவமழை உள்ளே முழுவதும் நனைத்ததும் அந்தப் படலத்தின் பிடி போய்விடும். உலர் மணலின் தளர்வு எல்லைக்கு வந்து சேர்வதற்கே மீட்டருக்கு 6 செ.மீ. அளவில் மணல் அமர்ந்துவிடும்.

“சரிவில் வெட்டி எடுத்த சிவப்பு மண் கிடக்கிறது. அதற்கும் இதே சோதனையைச் செய்து நிரப்பிவிடலாமா?”

செய்யக்கூடாது. 75 மைக்ரான் சல்லடையில் 12 சதவீதத்துக்கு மேல் சலியும் மண்ணுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. நம் சரிவுகளின் செம்மண்ணும் களிமண்ணும் அந்த வரம்பை வெகுதூரம் தாண்டியவை. அவற்றுக்கு ப்ராக்டர் சோதனைதான், அவை வடிமணலாகவும் உதவாது. கழுவாத எம்-சாண்டையும் இங்கே சந்தேகிக்க வேண்டும். உலர்ச் சலிப்பில் தூள் பெரிய துகள்களில் ஒட்டிக்கொண்டு கணக்கில் வராமல் போகும். ஈரச் சலிப்பு செய்தால்தான் உண்மை தெரியும். தூள் அதிகமானால் சோதனை பொருந்தாமல் போவதோடு, சுவரின் நீர்க்கசிவுத் துளைகளுக்கு நீர் போய்ச் சேர்வதும் தடைப்படும்.

“70 வரவில்லை. மறுபடி என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் தோண்டி எடுக்க வேண்டுமா?”

மேல் அடுக்கு மட்டும் என்றால் தோண்ட வேண்டாம். ஆற்று மணலில் 30 செ.மீ. அடுக்கு 42-லிருந்து 70-க்குப் போக வேண்டுமானால் மேற்பரப்பு 12 முதல் 13 மி.மீ. மட்டுமே இறங்க வேண்டும். சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, பிளேட் வைப்ரேட்டரை ஓட்டும் முன்னும் பின்னும் மட்டம் பார்த்தால், எந்த நடைக்குப் பிறகு இறங்குவது நின்றது என்பது தெரியும். இறங்காமல் அடம்பிடித்தால் மணல் அரைகுறை ஈரத்தில் இருக்கிறது. வெளியேற வழி இருக்கும்போது தாராளமாக நீர்விட்டு நனைத்து, நீர் வடியும்போதே அதிர்க்க வேண்டும். நீர் விடும் முன் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்த நீரின் எடையைச் சுவர்தான் தாங்க வேண்டிவரும். சுவரை ஒட்டி ஒரு மீட்டருக்குள் கனமான உருளையை விடாதீர்கள்; அங்கே சிறிய பிளேட் எந்திரமும் 15 செ.மீ. அடுக்கும் போதும்.

கீழ் அடுக்குகளும் சோதிக்கப்படாமல் மூடப்பட்டிருந்தால் மேலே எவ்வளவு அதிர்த்தாலும் பயன் குறைவு. சிறிய பிளேட் எந்திரத்தின் அதிர்வு சில பத்து செ.மீ. ஆழத்தோடு தேய்ந்துவிடும். ஓரிடத்தில் ஆழமாகத் தோண்டி அடுக்கடுக்காகக் குழி எடுத்துப் பாருங்கள். இரண்டாவது அடுக்கிலும் 40 அளவிலேயே வந்தால் அந்த நீளத்துக்கு எடுத்துவிட்டு மீண்டும் நிரப்பத்தான் வேண்டும்.